21 லட்சமா, 18 லட்சமா?

திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் வாட்ஸ்அப்பில் இரண்டு தாள்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். இரண்டும் ஆயுள் காப்பீட்டு பாலிசிகள், இரண்டு வெவ்வேறு ஏஜென்ட்கள் கொடுத்தவை. அவளுக்கு 35 வயது, பள்ளி ஆசிரியை. "அண்ணே, ரெண்டுலயும் மொத்தமா கட்டுறது 10 லட்சம்தான். ஒண்ணுல 18 லட்சம் வருது, இன்னொண்ணுல 21 லட்சம் வருது. ரெண்டாவதையே எடுத்துரலாம்ல?" என்று கேட்டிருந்தாள்.

முதல் பாலிசியில் வருடம் 50,000 ரூபாய் வீதம் 20 வருடம் கட்ட வேண்டும். காப்புத் தொகை 10 லட்சம். 20 வருடம் முடிந்ததும் போனஸோடு சேர்த்து 18 லட்சம் கிடைக்கும் என்று போட்டிருந்தது. இரண்டாவதில் வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டினால் போதும். அதன் பிறகு 10 வருடம் சும்மா இருக்கலாம். 20ஆவது வருட முடிவில் 21 லட்சம். இதற்கும் காப்புத் தொகை 10 லட்சம்தான்.

இரண்டாவது தாளின் ஓரத்தில் ஏஜென்ட் பேனாவால் ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். 10 லட்சத்துக்கு 11 லட்சம் லாபம், அதாவது 110 சதவீதம். அதை 20 வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 5.5 சதவீதம். அதே முறையில் முதல் பாலிசிக்குப் போட்டால் லாபம் 80 சதவீதம், 20ஆல் வகுக்க வருடத்துக்கு 4 சதவீதம். பார்த்தவுடன் யாருக்கும் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் சரியாகக் கணக்குப் போட்டால் முதல் பாலிசிதான் அதிக வருமானம் தருகிறது.

ஓரத்தில் போட்ட அந்தக் கணக்கில் கூட்டலும் வகுத்தலும் சரிதான். விட்டுப்போனது காலம். 20ஆல் வகுக்கும்போதே, 10 லட்சம் முழுவதும் முதல் நாளிலேயே கட்டப்பட்டு 20 வருடம் கிடந்தது என்று வைத்துக்கொண்டுவிடுகிறோம். இரண்டு பாலிசியிலும் அப்படி நடக்கவில்லை. முதல் பாலிசியில் முதல் 50,000 ரூபாய் 20 வருடம் கிடக்கிறது, இரண்டாவது தவணை 19 வருடம், கடைசித் தவணை ஒரே ஒரு வருடம். சராசரி பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் அங்கே இருப்பது பத்தரை வருடம். இரண்டாவது பாலிசியில் முதல் லட்சம் 20 வருடமும் பத்தாவது லட்சம் 11 வருடமும் கிடக்கின்றன. அதன் சராசரி பதினைந்தரை வருடம்.

அதே 10 லட்சம் இரண்டாவது பாலிசியில் சராசரியாக 5 வருடம் கூடுதலாக உழைக்கிறது. 5 வருடம் கூடுதலாக உழைத்த பணம் 3 லட்சம்தான் கூடுதலாகக் கொண்டுவருகிறது. கேட்க வேண்டியது அந்த 3 லட்சம் போதுமா என்பதுதான். மாற்றிச் சொன்னால், 10 வருடத்தில் கட்டி முடிக்கிற வசதிக்காக நம் பணத்தைச் சீக்கிரமே கொடுத்துவிடுகிறோம், அதற்கு அவர்கள் தரும் விலை நியாயமானதா என்று பார்க்க வேண்டும்.

இதைக் கையாலேயே ஓரளவுக்குச் சோதிக்கலாம். லாபத்தை, கட்டிய தொகையையும் சராசரிக் காலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். முதல் பாலிசிக்கு 8 லட்சத்தை 105ஆல் (10 லட்சம் பெருக்கல் பத்தரை) வகுத்தால் வருடத்துக்கு 7.6 சதவீதம் தனி வட்டி. இரண்டாவதில் 11 லட்சத்தை 155ஆல் வகுத்தால் 7.1 சதவீதம். ஏஜென்ட் கணக்கில் முன்னால் நின்ற பாலிசி இங்கே பின்னால் போய்விட்டது. ஆனால் இந்த எண்களை வங்கி வட்டியோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. இவை தனி வட்டி, வங்கி தருவதோ கூட்டு வட்டி. எது முந்துகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் இந்தக் கணக்கு உதவும்.

உண்மையான ஆண்டு வருமானத்தைக் கண்டுபிடிக்க ஒரு கற்பனைக் கணக்கு வேண்டும். ஒரு வங்கியில் நாம் ஒரு கணக்கு தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் கட்ட வேண்டிய ஒவ்வொரு நாளிலும் அதே தொகையை அந்தக் கணக்கில் போடுகிறோம். வங்கி எத்தனை சதவீதக் கூட்டு வட்டி கொடுத்தால், 20 வருட முடிவில் பாலிசி தரும் அதே தொகை கணக்கில் இருக்கும்? அந்தச் சதவீதம்தான் பாலிசியின் ஆண்டு வருமானம். நிதித் துறையில் இதை ஐ.ஆர்.ஆர். என்பார்கள்.

முதல் பாலிசிக்கு 5 சதவீதம் வைத்துப் பார்த்தேன். வருடம் 50,000 ரூபாய் 20 வருடத்தில் சுமார் 17 லட்சத்து 36 ஆயிரம் ஆகிறது. 18 லட்சத்துக்குக் குறைவு. ஐந்தரை வைத்தால் 18 லட்சத்து 39 ஆயிரம், அது அதிகம். 5.3 வைத்தால் ஏறக்குறைய 18 லட்சம். ஆக, முதல் பாலிசியின் வருமானம் 5.3 சதவீதம். இரண்டாவதற்கு 5 சதவீதம் வைத்தாலே 21 லட்சத்து 51 ஆயிரம் வந்துவிடுகிறது, அதாவது பாலிசி அந்த அளவுக்குக்கூடத் தரவில்லை. இறக்கிக்கொண்டே போனால் 4.8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய இடத்தில் கணக்கு நிற்கிறது. 18 லட்சம் தருவது 5.3, 21 லட்சம் தருவது 4.8.

இப்படி எண்ணை ஏற்றி இறக்கிப் பார்ப்பதைக் கணினியோ கைபேசியோ நொடியில் செய்துவிடும். எக்செல் தாளில் முதல் பத்தியில் ஒரு வருடத்துக்கு ஒரு வரி என்று எழுத வேண்டும். நம் கையை விட்டுப் போகும் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், கைக்கு வரும் தொகைக்குக் குறி தேவையில்லை. முதல் பாலிசிக்கு A1 முதல் A20 வரை -50000, A21இல் 1800000. பிறகு வேறொரு கட்டத்தில் இதை எழுதினால் விடை வந்துவிடும்:

```
=IRR(A1:A21)
```

20 வருட பாலிசிக்கு 21 வரி எதற்கு என்று தங்கை கேட்டாள். பிரீமியத்தை ஒவ்வொரு வருடமும் தொடக்கத்தில் கட்டுகிறோம், முதிர்வுத் தொகை கடைசி வருடத்தின் முடிவில்தான் வருகிறது. இருபதாவது பிரீமியத்துக்கும் முதிர்வுத் தொகைக்கும் நடுவில் ஒரு முழு வருடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்த ஒரு வருடம் காணாமல் போய், 5.3 என்பது 5.8 ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு இரண்டாவது பாலிசியில்தான் நடக்கும். A1 முதல் A10 வரை -100000 எழுதிய பிறகு, எதுவும் கட்டாத அடுத்த 10 வருடத்துக்கான கட்டங்களைக் காலியாக விட்டுவிடத்தான் கை போகும். எக்செல் காலிக் கட்டத்தை ஒரு வருடமாக எண்ணாது, தாண்டிப் போய்விடும். பத்தாவது பிரீமியத்துக்கு அடுத்த வருடமே 21 லட்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு 13 சதவீதத்துக்கு மேல் ஒரு விடையைக் காட்டும். தங்கைக்கு முதலில் வந்தது அந்த விடைதான். A11 முதல் A20 வரை ஒவ்வொரு கட்டத்திலும் 0 என்று எழுதிய பிறகுதான் 4.8 வந்தது. போனஸ் சேர்ந்த சாதாரண சேமிப்பு பாலிசியிலோ, இவ்வளவு தருகிறோம் என்று முன்பே உறுதி சொல்லும் பாலிசியிலோ இரண்டு இலக்கச் சதவீதம் வந்தால், முதலில் நாம் எழுதிய தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இடையிடையே பணம் தரும் மணி பேக் பாலிசிக்கும் இதே வழிதான். பணம் வரும் வருடத்தில், அந்த வருடப் பிரீமியம் போக மிஞ்சுவதை அந்த வரியில் எழுத வேண்டும்.

தாளில் எழுதும் பிரீமியம் கையை விட்டுப் போகும் முழுத் தொகையாக இருக்க வேண்டும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு இந்த வகை பாலிசிகளுக்கு முதல் வருடம் 4.5 சதவீதமும் பிறகு 2.25 சதவீதமும் வரி இருந்தது. 20 வருடமும் அந்த வரியோடு கட்டியிருந்தால் முதல் பாலிசியின் 5.3 சதவீதம் 5.1 ஆக இறங்கியிருக்கும். பழைய பாலிசிக்குக் கணக்குப் போடுகிறவர்கள் ரசீதில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து எழுதினால் போதும்.

இதுவரை 18 லட்சமும் 21 லட்சமும் ஒரே தரமான எண்கள் என்பது போலப் பேசிவிட்டேன். அவை அப்படியல்ல. தங்கை அனுப்பிய தாளை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது, இரண்டாவது பாலிசியின் 21 லட்சம் உறுதி அளிக்கப்பட்ட தொகை என்று இருந்தது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டினால் அது வந்தே தீரும். முதல் பாலிசியில் உறுதி என்று இருப்பது காப்புத் தொகையான 10 லட்சம் மட்டும்தான். மீதி 8 லட்சம், நிறுவனம் ஒவ்வொரு வருடமும் ஆயிரம் ரூபாய் காப்புத் தொகைக்கு 40 ரூபாய் போனஸ் அறிவிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 10 லட்சத்துக்கு வருடம் 40,000, 20 வருடத்துக்கு 8 லட்சம். இந்த போனஸ் அறிவித்தவுடன் கைக்கு வராது, அதற்கு வட்டியும் கிடையாது. முதல் வருடம் அறிவித்த 40,000 கடைசியிலும் அதே 40,000 ஆகத்தான் வரும்.

இனி அறிவிக்கப்போகும் போனஸ் எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். போனஸ் எவ்வளவு குறைந்தால் இரண்டு பாலிசியும் சமமாகும்? வருடம் 50,000 ரூபாய், இரண்டாவது பாலிசியின் அதே வருமானத்தில் வளர்ந்தால் 20 வருடத்தில் சுமார் 17 லட்சத்து 4 ஆயிரம் ஆகும். அதில் காப்புத் தொகையைக் கழித்தால் 7 லட்சத்து 4 ஆயிரம். 20ஆல் வகுத்தால் வருடத்துக்கு 35,200. ஆக, ஆயிரத்துக்கு சராசரி 35 ரூபாய்க்குச் சற்று மேல் போனஸ் வந்தால் முதல் பாலிசி மேல், அதற்குக் கீழே போனால் இரண்டாவது மேல். இந்த ஒரு எண் கையில் இருந்தால், பாலிசி விற்க வந்தவரிடம் கேட்க வேண்டியது தெளிவாகிவிடும்: இதே பாலிசிக்கு, இதே கால அளவுக்கு, கடந்த 10 வருடங்களில் அறிவித்த போனஸ் என்ன? 40 ஆகவே நின்றிருக்கிறதா, இறங்கிக்கொண்டே வருகிறதா?

போனஸ் சேரும் பாலிசிகளோடு தரும் பலன் விளக்கத் தாளில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி அப்படிக் காட்டுகிறார்கள். பலர் 8 சதவீதப் பத்தியைப் பார்த்து, பாலிசி 8 சதவீதம் தருகிறது என்று நம்பிவிடுகிறார்கள். நிறுவனம் தன் முதலீட்டில் அவ்வளவு சம்பாதித்தால் பாலிசிதாரருக்கு என்ன வரும் என்று காட்டுவதுதான் அந்தப் பத்தி. அந்தச் சம்பாத்தியத்தில் ஏஜென்ட் கமிஷன், நிர்வாகச் செலவு, உயிர்க் காப்புக்கான செலவு எல்லாம் போன பிறகுதான் நமக்கு வருகிறது. அந்தப் பத்தியில் உள்ள முதிர்வுத் தொகையை எடுத்து நாமே ஐ.ஆர்.ஆர். போட்டால் விடை 8 வராது, அதைவிடக் குறைவாகவே வரும். இரண்டு பத்திகளுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உயிர்க் காப்புக்கான செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் கட்டும் 50,000 முழுவதும் சேமிப்புக்குப் போவதில்லை. நடுவில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும் என்ற பாதுகாப்புக்கும் அதில் ஒரு பங்கு போகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் 5.3ஐ வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் பாலிசிக்கு அநியாயம் செய்கிறோம். சேமிப்பு எதுவும் இல்லாமல் காப்பு மட்டும் தரும் டேர்ம் பாலிசிக்கு, அதே வயதில் அதே 10 லட்சத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து, அந்தத் தொகையைப் பிரீமியத்தில் கழித்துவிட்டுப் போட வேண்டும். உதாரணத்துக்கு வருடம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சேமிப்புக்குப் போனது 46,000. அதன்மேல் முதல் பாலிசியின் வருமானம் சுமார் 6 சதவீதம் ஆகிறது. இரண்டாவதிலும் 20 வருடத்துக்கும் 4,000ஐக் கழித்தால் சுமார் 5.3 வருகிறது. இரண்டு எண்களும் உயர்ந்தன, வரிசை மாறவில்லை. இரண்டு பாலிசியிலும் காப்புத் தொகை ஒன்றாக இருந்ததால்தான் இவ்வளவு எளிதாக முடிந்தது. காப்புத் தொகை வேறுபட்டால் இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஒப்பிடவே கூடாது.

6 சதவீதம் நல்லதா கெட்டதா என்று தெரிய அளவுகோல் ஒன்று வேண்டும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கும் பி.பி.எஃப். கணக்கின் வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாக இறக்கப்பட்டு, பிறகு பல வருடங்கள் அதிலேயே நின்றது. அதற்கு வருமான வரி கிடையாது. தங்கை எடுக்கும் அளவிலான பாலிசியின் முதிர்வுத் தொகைக்கும் வரி கிடையாது. அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடலாம். வைப்பு நிதியோடு ஒப்பிடுகிறவர்கள் மட்டும், வட்டிக்குத் தாங்கள் கட்டும் வருமான வரியைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். என் கருத்தைக் கேட்டால், காப்புக்கு டேர்ம் பாலிசியும் சேமிப்புக்குத் தனிக் கணக்கும் என்பேன். ஆனால் வருடா வருடம் கட்டாயம் என்று ஒன்று இருந்தால்தான் சேமிக்க முடிகிறது என்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் தரும் விலை எவ்வளவு என்று தெரிந்து தரட்டும்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எட்டு வருசமா கட்டிக்கிட்டு இருக்கிற பழைய பாலிசியும் இதே கதைதானே அண்ணே? அதை சரண்டர் பண்ணிரவா?" என்றாள்.

இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். அவளுடைய பழைய பாலிசியும் முதல் தாளில் இருந்த அதே வகைதான், அளவு பாதி. வருடம் 25,000 ரூபாய், 20 வருடம், முதிர்வில் எதிர்பார்ப்பது 9 லட்சம். தொடக்கத்திலிருந்து போட்டால் அதுவும் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் கட்டி முடித்த 8 பிரீமியங்களைத் திரும்ப வாங்க முடியாது. இன்று அவள் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. இன்று சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும்? கிளை அலுவலகத்தில் எழுதிக் கேட்கச் சொன்னேன். 1 லட்சத்து 40 ஆயிரம் என்று பதில் வந்தது. கட்டியதோ 2 லட்சம்.

பாலிசியைத் தொடர்கிறாள் என்றால், அந்த 1 லட்சத்து 40 ஆயிரத்தை இன்று வாங்காமல் விடுகிறாள் என்று பொருள். அதாவது அதை இன்று மறுபடி முதலீடு செய்வதற்குச் சமம். ஒன்பதாவது பிரீமியம் 25,000ஐயும் சேர்த்தால் A1இல் -165000. A2 முதல் A12 வரை மீதமுள்ள 11 பிரீமியங்கள், -25000 வீதம். A13இல் 900000.

```
=IRR(A1:A13)
```

விடை ஏறக்குறைய 8.5 சதவீதம். முதல் வருடங்களில் கமிஷனாகவும் செலவாகவும் போனது போய்விட்டது. சரண்டர் தொகையைக் குறைத்துத் தருவதால் அந்த நஷ்டம் வெளியேறுகிறவர் தலையில் விழுகிறது, தொடர்கிறவருக்கு மீதிக் காலம் நல்ல வருமானம் தருகிறது. அவள் சரண்டர் செய்துவிட்டு அதே தொகைகளை அதே நாட்களில் 7.1 சதவீதம் தரும் இடத்தில் போட்டிருந்தால் 12 வருட முடிவில் சுமார் 8 லட்சம்தான் இருக்கும், உயிர்க் காப்பும் போயிருக்கும். இந்த 9 லட்சத்திலும் இனி வரவேண்டிய போனஸ் அடங்கியிருக்கிறது. அது ஆயிரத்துக்கு 40இலிருந்து 35ஆகக் குறைந்தால் 12 வருடத்தில் 30,000 ரூபாய் குறையும், அப்போதும் முடிவு மாறாது. ஆனால் 8 வருடத்துக்குப் பதில் 2 வருடம்தான் கட்டியிருந்தால், சரண்டர் தொகை வேறு, மீதிக் காலம் வேறு, விடையும் வேறாக இருந்திருக்கும். ஒருவருக்கு வந்த விடையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

தங்கை மறுநாளே ஒன்பதாவது பிரீமியத்தைக் கட்டிவிட்டாள். புதிய தாள்கள் இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. முதல் ஏஜென்டிடம் கடந்த 10 வருட போனஸ் பட்டியலைக் கேட்டிருக்கிறாள். அது வந்ததும் 35க்குக் கீழே எந்த வருடமாவது போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.